பிறை 22, வெள்ளி இரவு: ஒரு கொப்பியைப் பிரதி பண்ணிய கதை

மட்டக்களப்புக்குத் தெற்கே கடற்கரையை அண்டிய எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் தட்டச்சு வேலை செய்து கொடுக்கிறேன். சம்பளம் இல்லை. பழைய மலர்கள், பள்ளிவாசல் கணக்குகள், கலியாண வாழ்த்துப்பாக்கள் என்று மக்கள் கொண்டுவந்து தருவதையெல்லாம் கணினியில் ஏற்றி வைப்பது என் பங்கு. இரண்டு வருடத்துக்கு முன்னர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய சாரன் துண்டொன்றில் பொதிந்து நாலு சீ.ஆர். கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய வாப்பா எழுதியவை. வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். நீர் திறந்த நாள், விதைத்த நாள், யார் யாருக்கு எவ்வளவு நெல் கடன், யாருடைய பிள்ளைக்கு எப்போது பேர் வைத்தது, யார் மவுத்து என்று முப்பது வருட ஊர்ச்சங்கதி அந்த நாலு கொப்பியிலும் கிடக்கிறது.

முதல் கொப்பியின் 42 பக்கங்களைச் சில கிழமைகளில் அடித்து, அச்செடுத்து, ஸேரின் வீட்டுக்கு அனுப்பினேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தேன். முற்றுப்புள்ளி, காற்புள்ளி போட்டிருந்தேன். பேச்சு மொழியில் இருந்ததை ஓரளவு எழுத்து மொழிக்குக் கொண்டுவந்திருந்தேன். தெளிவாகப் பிழை என்று தெரிந்த ஒரு கிழமையையும் சரிசெய்திருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஸேரின் அனுமதியோடு அதன் பெரும்பகுதியை இங்கே தருகிறேன்.

“786

அன்புள்ள தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அனுப்பின 42 பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். வடிவாக அடித்திருக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவான். ஆனால் தம்பி, இது வாப்பாட கொப்பி இல்லை. வாப்பா இப்பிடி எழுதவும் மாட்டார், பேசவும் மாட்டார்.

நான் 36 வருசம் பிள்ளைகள்ற கொப்பியில சிவப்பு மையால கீறினவன். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எனக்கும் இருக்கிறபடியால்தான் நான் இதை அடிக்காமல் உங்களிட்டத் தந்தேன். வாப்பா என்னிட்ட மார்க்ஸ் கேட்டு இதை எழுதவில்லை.

எழுதிக் கிடக்கிறபடியே அடித்துத் தாருங்கள். ஒரு வரி முடிகிற இடத்தில உங்கட வரியும் முடியட்டும். வெட்டினது வெட்டினபடி கிடக்கட்டும். றாவு எண்டா றாவுதான். விளங்காத சொல்லை விளங்கினமாதிரி ஆக்காதீங்க. என்னிட்டக் கேளுங்க, எனக்கும் விளங்காட்டி அப்பிடியே விடுங்க.

புயல் அடிச்ச பக்கத்தில வாப்பா ‘வெள்ளி றாவு’ எண்டு எழுதினத நீங்க ‘வியாழன் இரவு’ எண்டு மாத்திப்போட்டீங்க. ஏன் மாத்தினீங்க எண்டு எனக்கு விளங்குது. என்ட தங்கச்சி மவுத்தான றாவு அது. அதைப்பத்தி நேரில பேசுவம்.”

கடிதத்தை வாசித்தபோது கொஞ்சம் கோபமும் வந்தது என்பதை மறைக்கவில்லை. சம்பளமில்லாமல் செய்த வேலைக்குக் குறை சொல்கிறாரே என்ற எண்ணம். ஆனாலும் கொப்பியையும் எனது அச்சுப்பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

கொப்பியில் “12 அவணம் வீட்ட வந்தது” என்றிருக்கிறது. எனது பிரதியில் “12 ஆவணம் வீட்டுக்கு வந்தது” என்றிருந்தது. அவணம் என்பது எங்கள் பகுதியில் நெல் அளக்கும் கணக்கு. மரைக்காலால் அளந்து அவணமாகக் கூட்டுவார்கள். இன்று மூடைக் கணக்கும் கிலோக் கணக்கும் வந்தபிறகு அந்தச் சொல் வயதானவர்களின் வாயில் மட்டுமே இருக்கிறது. கணினியின் எழுத்துத் திருத்திக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆவணம். அடிக்கோடு போட்டுக் காட்டியது, நானும் சொடுக்கி மாற்றிவிட்டேன். ஒரு வட்டவிதானையின் வீட்டுக்கு வந்த நெல், பன்னிரண்டு பத்திரங்களாக ஆகிவிட்டது. கொப்பி முழுக்க இப்படி 31 இடங்கள்.

இந்தப் பிழையில் மோசமான சங்கதி என்னவென்றால், அது பிழை மாதிரித் தெரியாது. “அவனம்” என்று தவறி அடித்திருந்தால் வாசிப்பவர் ஏதோ தட்டச்சுப் பிழை என்று கண்டுபிடிப்பார். “ஆவணம்” நல்ல தமிழ்ச் சொல். காணிக் கணக்குப் பேசும் கொப்பியில் ஆவணம் வருவதும் பொருத்தம்தான். மூலக்கொப்பி கறையானுக்குப் போன பிறகு, ஐம்பது வருடம் கழித்து ஒரு ஆய்வாளர் இந்தப் பிரதியை மட்டும் வாசித்தால், இந்த ஊரில் நெல்லுக்குப் பதிலாகக் காணிப் பத்திரங்களை ஈடு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். கையெழுத்தை அப்படியே அடிப்பவன் விடும் பிழை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். திருத்தி அடிப்பவன் விடும் பிழை வாக்கியத்துக்குள் கரைந்துபோகும்.

றாவு என்பதை இரவு ஆக்கியதும், மகுரிபு என்பதை மஃரிப் ஆக்கியதும் பொருளைக் கெடுக்கவில்லைதான். ஆனால் 1950களில் எங்கள் ஊரில் ஒருவர் அந்தச் சொற்களை எப்படி உச்சரித்தார் என்பதற்கு இருந்த சாட்சியை நான் அழித்திருந்தேன். எங்கள் பேச்சைப் பற்றி யாராவது ஆராய வந்தால், அச்சுப் புத்தகங்களில் அவருக்கு எதுவும் கிடைக்காது. அச்சுக்கோர்ப்பவர்கள் எல்லாரும் என்னைப் போலத் திருத்தியவர்கள். இப்படியான கொப்பிகளில்தான் கிடைக்கும்.

இனி, புயல் அடித்த பக்கத்துக்கு வருகிறேன். மூலத்தில் இருக்கிறபடி:

“786
ஹி 1398 துல்ஹஜ் பிறை 22 வெள்ளி றாவு
புயல் அடிச்சது மகுரிபுக்குப் பிறகு காத்து
கூடினது கூரை ஒண்டும் மிச்சமில்ல சின்ன மகள்
சுவர் விழுந்து மவுத்து விடியச் சும்ஆவுக்கு
முந்தி அடக்கம் விதைநெல்லுப் போக மிச்சம்
7 அவணம் நனைஞ்சது”

இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கிய அந்தப் பெரும் புயலின் திகதி எல்லாருக்கும் தெரியும். 1978 நவம்பர் 23. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் சிதைந்தன. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஓரிரவில் விழுந்தது. அந்த நவம்பர் 23 வியாழக்கிழமை. இதில் சந்தேகமே இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், ஹிஜ்ரித் திகதியை ஆங்கிலத் திகதியாக மாற்றும் அட்டவணையொன்றில் இதைப் பார்த்தேன். கணக்கு நாட்காட்டியின்படி 1978 நவம்பர் 2ஆம் திகதி துல்ஹஜ் பிறை 1. ஆகவே நவம்பர் 23 வியாழன், பிறை 22. கொப்பியிலும் பிறை 22 என்றுதான் இருக்கிறது. பிறை சரி, கிழமை மட்டும் பிழை. மகளைப் பறிகொடுத்த மனிதர் பதற்றத்தில் கிழமையைத் தவறாக எழுதியிருப்பார் என்று நினைத்தேன். அட்டவணை ஆதாரத்தோடு செய்த திருத்தம் என்பதால் எனக்கு மனச்சாட்சியும் உறுத்தவில்லை. வெள்ளி போய் வியாழன் வந்தது.

கடிதம் கிடைத்த அடுத்த சனிக்கிழமை ஸேர் நூலகத்துக்கு வந்தார். கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“தம்பி, வெள்ளி றாவு யாஸீன் ஓதுறது எப்ப?” என்று கேட்டார்.

“வியாழன் பின்னேரம், மஃரிபுக்குப் பிறகு ஸேர்” என்று சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது.

இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமது நாள் மஃரிபோடு தொடங்குகிறது. வியாழன் பொழுது சாய்ந்தால் அது வெள்ளி இரவு. எங்கள் உம்மாமார் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவுடன், நள்ளிரவில் நாள் மாறும் கணக்குக்கு என் தலை மாறிவிட்டது. எனக்குத் தெரிந்ததையே நான் மறந்துபோய், அந்த மனிதர் பதற்றத்தில் பிழை எழுதிவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

சரியாக வாசித்திருந்தால் அந்தக் குறிப்பே எனக்குச் சொல்லியிருக்கும். “வெள்ளி றாவு” மகள் மவுத்து, “விடியச் சும்ஆவுக்கு முந்தி அடக்கம்.” வெள்ளிக்கிழமை பகல் முடிந்து வரும் இரவைத்தான் அவர் சொன்னார் என்றால், விடிந்தால் சனிக்கிழமை. சனிக்கிழமை ஏது ஜும்ஆ? இரவு முந்தி, பகல் பிந்தி வருகிற கணக்கில் மட்டுமே இந்த இரண்டு வரியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நான் வியாழன் என்று மாற்றியதால் நடந்த நாள் மாறவில்லை. ஆனால் அவர் நாளை எப்படி எண்ணினார் என்பது பிரதியிலிருந்து மறைந்துபோனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஸேர் இன்னொரு கேள்வி கேட்டார். “சரி, வெள்ளி றாவு எண்டு வச்சுக்கொள்ளுவம். அப்ப பிறை எத்தனை?”

கணக்கு நாட்காட்டியின்படி வியாழன் பகல் பிறை 22. மஃரிபோடு நாள் மாறினால் அந்த இரவு பிறை 23 ஆகவேண்டும். கொப்பியில் 22 என்று இருக்கிறது. கிழமையை மஃரிப் கணக்கில் எழுதியவர் பிறையை மட்டும் பகல் கணக்கில் எழுதியிருப்பாரா? அப்படியும் இருக்கலாம். பேச்சில் கிழமையை ஒரு மாதிரியும் பிறையை இன்னொரு மாதிரியும் எண்ணுபவர்கள் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. அட்டவணை என்பது கணக்கு. ஊரில் மாதம் பிறப்பது பிறை கண்டு. 1978இல் அந்த மாதத்து அமாவாசை, இலங்கை நேரப்படி ஒக்டோபர் 31 கழிந்து நள்ளிரவுக்குப் பிறகு வந்தது. நவம்பர் 1 மஃரிபில் பிறைக்கு ஒரு முழுநாள் வயதுகூட ஆகியிருக்காது. அவ்வளவு இளம்பிறையை வெறுங்கண்ணால் காண்பது மிகவும் கடினம். அதிலும் எங்கள் கரையில் அது மாரி மழை தொடங்கும் காலம், வானத்தில் முகில். பிறை காணாவிட்டால் துல்கஃதா முப்பதைப் பூர்த்தி செய்து, அடுத்த மஃரிபில்தான் துல்ஹஜ் தொடங்கும். அப்படித் தொடங்கியிருந்தால் நவம்பர் 3 வெள்ளி பிறை 1, நவம்பர் 24 வெள்ளி பிறை 22. அதாவது வியாழன் மஃரிபோடு பிறக்கிற வெள்ளி இரவு பிறை 22. ஒரு எழுத்தையும் மாற்றாமலே வட்டவிதானை எழுதியது முழுக்கச் சரியாகிவிடுகிறது.

இரண்டில் எது என்று தீர்க்க ஒரே ஒரு சாட்சி வேண்டும். அந்த வருடம் ஊரில் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுதது சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? பெருநாள் பிறை 10. கணக்கின்படி என்றால் நவம்பர் 11 சனி, பிறை ஒருநாள் பிந்தியிருந்தால் 12 ஞாயிறு. வட்டவிதானை பெருநாள் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிற மனிதர். ஆவலோடு முந்திய பக்கத்தைப் புரட்டினோம். அந்தப் பக்கம் புயலில் நனைந்து மை கரைந்து கிடக்கிறது. “பெருநாள்” என்ற சொல்லும் அதற்குக் கீழே “உளுஹிய்யா” என்ற சொல்லும் மட்டும் தெரிகின்றன.

ஆகவே கேள்வி திறந்தபடியே இருக்கிறது. பக்கத்து ஊரில் யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது அந்த வருடத்துப் பெருநாள் கிழமை எழுதிய கொப்பியொன்று இருந்தால் அது தீர்ந்துபோகும். அந்த இரண்டு கொப்பியும் சந்திக்கிற நாள்வரை “பிறை 22 வெள்ளி றாவு” என்ற சொற்கள் அப்படியே இருக்கவேண்டும். வியாழன் என்று நான் மாற்றிய பிரதி மட்டும் எஞ்சியிருந்தால் கேள்வி இருந்ததே யாருக்கும் தெரியாது. ஸேர் வீட்டுக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை. அந்தப் பிள்ளைக்கு வருடாவருடம் கத்தம் ஓதுவது இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.

“அப்ப, பிழையெண்டு உறுதியாத் தெரிஞ்சதையும் அப்படியே விடுறதா ஸேர்? வாசிக்கிறவங்க நான் விட்ட பிழை எண்டு நினைக்கமாட்டாங்களா?” என்று கேட்டேன். இது சின்னப் பயமில்லை. பிரதியில் ஒரு விநோதமான சொல்லைக் காணும் வாசகருக்கு, அது எழுதியவருடையதா அடித்தவருடையதா என்று தெரிய வழியில்லை.

அதற்கு ஸேர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. “இதுக்கு வழி நம்மட ஆக்கள் எப்பவோ கண்டுவச்சது. மௌலவிமாரிட்டக் கேட்டுப்பாருங்க” என்றார். கேட்டேன், பிறகு தேடியும் வாசித்தேன்.

ஹதீஸ் நூல்களைப் பிரதி செய்தவர்களுக்கு இதே சிக்கல் இருந்தது. ஆசிரியரிடம் கேட்டபடி எழுதவேண்டும். கேட்டதில் ஏதோ கோளாறு இருப்பதாகப் பட்டால் என்ன செய்வது? டமஸ்கஸில் ஹதீஸ் கற்பித்து, ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ், ஹதீஸ் கலை பற்றிய தமது முகத்திமாவில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். அவர் விவரிக்கும் அடையாளங்களில் இரண்டு எங்களுக்கு வேண்டியவை. பார்ப்பவருக்குச் சந்தேகம் தரக்கூடிய, ஆனால் சரியான சொல்லின்மேல் “ஸஹ்ஹ” என்று எழுதுவார்கள். நான் கவனிக்காமல் விட்டதல்ல, பார்த்துத்தான் எழுதினேன், சரியாகவே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கேட்டபடி எழுதியது சரி, ஆனால் சொல்லோ பொருளோ பழுதாகத் தெரிகிறது என்றால், அந்த ஸஹ்ஹவின் முதல் எழுத்தான ஸாதை மட்டும் நீட்டிக் கீறுவார்கள். அதற்கு ழப்பா என்று பெயர். முழுமையடையாத சொல்லுக்கு முழுமையடையாத அடையாளம். அந்தக் கோட்டைச் சொல்லோடு ஒட்டாமல் கீறவேண்டும், ஒட்டினால் வெட்டியதாக நினைத்துவிடுவார்கள் என்பதுவரை அவர் சொல்கிறார்.

ஏன் திருத்தாமல் இவ்வளவு பாடு? இன்று பிழையாகத் தெரிவதற்கு நாளை இன்னொருவர் சரியான விளக்கம் கண்டுபிடிக்கலாம், அல்லது எழுதியவருக்கே பிறகு அது சரி என்று விளங்கலாம் என்பது அவர் காட்டும் காரணம். துணிந்து திருத்தியவர்கள் சிலர், சரியாக இருந்ததைத் தாங்களே கெடுத்துக்கொண்டதையும் அவர் குறிப்பிடுகிறார். அதை வாசித்தபோது எனக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

ஆகவே நாங்கள் இரண்டு அடையாளங்களை அப்படியே எடுத்துக்கொண்டோம். விநோதமாகத் தெரிந்தாலும் கொப்பியில் உள்ளபடிதான், சரியும்தான் என்றால் சொல்லுக்குப் பக்கத்தில் [ஸஹ்]. கொப்பியில் இப்படித்தான், ஆனால் பிழை போலத் தெரிகிறது என்றால் அதன் பாதியான [ஸ]. மை அழிந்த இடத்தில் எத்தனை எழுத்து இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதோ அத்தனை புள்ளி. வெட்டிய சொல்லை இரண்டு கோட்டுக்கு நடுவில். இதற்கு மேல் குறிகள் வேண்டாம் என்று ஸேர் சொல்லிவிட்டார். குறிகள் கூடினால் கொப்பியை விடக் குறிகளைத்தான் வாசிக்கவேண்டி வரும். அவணம் [ஸஹ்] என்று முதல் தடவை மட்டும் போட்டோம். வெள்ளி றாவு [ஸஹ்]. பிறை 22க்கு என்ன போடுவது என்று அரை மணித்தியாலம் பேசி, கடைசியில் ஒன்றும் போடாமல் விட்டோம்.

திருத்தியை நிறுத்திவிட்டேன். வரி முடியும் இடத்தில் வரி, பக்கம் முடியும் இடத்தில் பக்கம். பக்கத்தின் தலையில் இருக்கிற 786ஐ முதல் தடவை பக்க இலக்கம் என்று நினைத்து இரண்டு இடத்தில் நீக்கியிருந்தேன். அதுவும் திரும்ப வந்தது. இப்படி அடிக்கும்போது வேகம் பாதியாகக் குறைகிறது. கண் சொல்லை முழுசாக விழுங்கிவிட்டுக் கைக்குத் தனக்குத் தெரிந்த எழுத்தைச் சொல்கிறது. அதனால் எழுத்து எழுத்தாகப் பார்க்கவேண்டியிருக்கிறது. முன்பு ஒரு சனிக்கிழமையில் ஏழெட்டுப் பக்கம் அடித்தவன், இப்போது மூன்று பக்கம் அடிக்கிறேன்.

எழுதியபடியே என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வட்டவிதானை லை, னை, ணை ஆகிய எழுத்துகளுக்குப் பழைய கொம்பு போட்டுத்தான் எழுதியிருக்கிறார். கணினியில் அவற்றுக்குத் தனிக் குறியீடு இல்லை. பழைய வடிவமும் புதிய வடிவமும் உள்ளே ஒன்றுதான், வெளியே எப்படித் தெரியும் என்பது எழுத்துருவைப் பொறுத்தது. ஆகவே எழுத்தின் உருவத்தைத் தட்டச்சில் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் பிரதியோடு சேர்த்து வைக்கிறோம்.

இதைவிடக் கடினமானது மூன்றாவது கொப்பியின் கடைசி ஒன்பது பக்கங்கள். அவை அரபுத் தமிழில் இருக்கின்றன. வட்டவிதானை பள்ளிக்கூடத் தமிழுக்கு முன்னர் ஓதப்பள்ளியில் அரபுத் தமிழ் பழகியவர். பிறத்தியார் பார்க்கக்கூடாத கடன்களை அந்த எழுத்தில் எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. அரபுத் தமிழில் ந, ன இரண்டுக்கும் ஒரே நூன். அது பெரிய சிக்கல் இல்லை, சொல்லில் வரும் இடத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ர, ற இரண்டும் சிக்கல். றகரத்துக்கு ரேயின் அடியில் ஒரு குறி இடவேண்டும். அவசரத்தில் எழுதியவர் பல இடத்தில் அதை விட்டுவிட்டார். ஒரு கணக்கில் “இரண்டு றாத்தல்” என்று இருக்கிறது, அதற்கு முன்னால் உள்ள சொல் கறியா கரியா? இறைச்சியும் றாத்தலில் நிறுப்பது, அடுப்புக் கரியும் றாத்தலில் நிறுப்பது. தமிழ் எழுத்துக்கு மாற்றும் நிமிடத்தில் நான் ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். அதாவது அந்த ஒன்பது பக்கத்திலும் பிரதி செய்வதே விளக்கம் சொல்வதாக ஆகிவிடுகிறது. அரபு எழுத்திலேயே ஒரு வரி, அதன் கீழ் தமிழ் எழுத்தில் ஒரு வரி என்று இப்போது அடித்து வருகிறேன். கறிக்குப் பக்கத்தில் [ஸ] போடலாமா என்று கேட்டதற்கு, “அது வாப்பாட பிழையில்லையே, நீங்க வாசிக்கிற பிழைதானே” என்றார் ஸேர். நியாயம்தான். அதற்கு ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவதென்று தீர்மானித்தோம். குறிகளில் ஒன்று கூடியது அப்படித்தான்.

அடித்து முடிந்த பக்கங்களைச் சரிபார்ப்பதற்கும் பழைய முறையையே பிடித்துக்கொண்டோம். ஹதீஸ் பிரதிகளில் ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு வட்டம் போட்டு வைப்பார்கள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைப்பார்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்பக்தாதி இதைப் பரிந்துரைத்திருக்கிறார். புள்ளியில்லாத வட்டத்தைக் கண்டால் அது இன்னும் ஒப்பிடப்படவில்லை என்று அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். நான் அச்சுப்பிரதியில் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பென்சிலால் வட்டம் போடுகிறேன். நான் சத்தமாக வாசிக்க, ஸேர் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொடர்கிறார். பொருந்தினால் “ம்” என்கிறார். நான் புள்ளி வைக்கிறேன். தனியே நான் மட்டும் ஒப்பிட்டபோது ஒரு பக்கத்தில் எனக்கு அகப்பட்டது ஒரு பிழை. இருவராக இருந்து அதே பக்கத்தைப் பார்த்தபோது ஐந்து.

போன மாதம் புயல் பக்கத்துக்கு வந்தோம். மகுரிபு, சும்ஆ எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. “சின்ன மகள்” என்று வாசித்து வரியை நிறுத்திவிட்டு அடுத்த வரியைத் தொடங்கினேன். ஸேர் “ம்” சொல்லவில்லை. ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்துத் தாளையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்துச் சரியாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “வாப்பா அவட பேரை எழுதல்ல, பாத்தீங்களா” என்றார். முழுக் கொப்பியிலும் ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் பேரோடுதான் இருக்கிறார்கள். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பேர் இல்லை.

“பக்கத்தில பேரை அடைப்புக்குறிக்குள்ள போட்டுவிடவா ஸேர்?” என்று கேட்டேன்.

“வேணாம் தம்பி. அவர் எழுதின மாதிரி இருக்கட்டும்” என்றார். வட்டத்துக்குள் புள்ளி வைத்தேன். அடுத்த பக்கம் நெல் காயவைத்த கணக்கு.